எந்த நம்பர் நூலை ஓட்டுவது? நூற்பாலையில் ஒரு பங்களிப்புக் கணக்கு

நாட்டின் நூற்பாலைகளில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருக்கின்றன. கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரங்களில் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும், அலுவலகத்தில் அன்றாடம் ஒரே கேள்வி அலசப்படும்: இந்த வாரம் எந்த நம்பரை ஓட்டுவது? நம்பர் என்பது நூலின் மென்மையைச் சொல்லும் அளவு. 20-ஆம் நம்பர் தடித்த நூல். 60-ஆம் நம்பர் மெல்லிய நூல். ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த எண். மெல்லிய நூலுக்குக் கிலோ விலை அதிகம், கிலோவுக்கு மிஞ்சும் பணமும் அதிகம். அப்படியென்றால் மெல்லிய நூலையே ஓட்டிவிடலாமே என்று தோன்றும். ஆலைக் கணக்கின் சுவாரசியம், அந்த எண்ணம் எந்த இடத்தில் உடைகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டு ஆலையை வைத்துக்கொள்வோம். 24,000 கதிர்கள், ஒரு நாளுக்கு மூன்று ஷிப்ட். கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. சந்தை விலை வாரந்தோறும் மாறும். உற்பத்தி அளவுகளும் மின்சார அளவுகளும் ரிங் ஃபிரேம் ஆலைகளில் காணக்கூடிய வரம்புக்குள் உள்ளவை.

20-ஆம் நம்பர் கார்டட் நூல் கிலோ 210 ரூபாய்க்கு விற்கிறது. அதற்கான பஞ்சுச் செலவு, கழிவுப் பஞ்சை விற்று வரும் தொகையைக் கழித்தபின், 158 ரூபாய். மின்சாரம் 16 ரூபாய். பேக்கிங், தரகு, உதிரிச் சாமான் எல்லாம் சேர்த்து 6 ரூபாய். மிஞ்சுவது 30 ரூபாய். 40-ஆம் நம்பர் கோம்ப்டு நூலின் விலை 290 ரூபாய்; பஞ்சு 184, மின்சாரம் 32, மற்றவை 8 போக மிஞ்சுவது 66. 60-ஆம் நம்பர் கோம்ப்டு நூல் 370 ரூபாய்க்குப் போகிறது. பஞ்சு 208, மின்சாரம் 52, மற்றவை 10 போனால் மிச்சம் 100 ரூபாய்.

இப்படி மிஞ்சும் தொகைக்குத்தான் பங்களிப்பு என்று பெயர். ஒரு கிலோ கூடுதலாக ஓட்டினால் கூடுகிற செலவை மட்டும் விற்பனை விலையிலிருந்து கழிக்கிறோம். ஷிப்ட் சம்பளம், வங்கி வட்டி, தேய்மானம், காவலாளி சம்பளம் ஆகியவை 20-ஐ ஓட்டினாலும் 60-ஐ ஓட்டினாலும் மாறாதவை. அவை கழிக்கப்படுவதில்லை. பங்களிப்புகளின் மொத்தம் முதலில் அந்த நிலையான செலவை அடைக்கும். அடைத்து மீந்தால் லாபம். 1936-ல் ஜோனதன் ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணக்காளர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பிரிப்பு கணக்குத் துறையில் பரவலாகப் பேசப்பட்டது. விற்பனை கூடிய மாதத்தில் லாபம் குறைந்ததாகக் கணக்குப் புத்தகம் காட்டுவது ஏன் என்பதே அவர் எடுத்துக்கொண்ட புதிர். நிலையான செலவைச் சரக்கின் மீது ஏற்றிவைப்பதே காரணம் என்று அவர் காட்டினார்.

அந்த ஏற்றல் இன்றும் நம் ஆலைகளில் நடக்கிறது. நம் எடுத்துக்காட்டு ஆலையின் நிலையான செலவு ஒரு நாளுக்கு 4,50,000 ரூபாய் என்போம். வழக்கமாக 40-ஆம் நம்பரை ஓட்டும் ஆலை, ஒரு நாள் உற்பத்தி 8,640 கிலோ. கணக்கர் ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் கிலோவுக்கு 52 ரூபாய் என்று ஒரு விகிதம் எடுத்து, எல்லா நம்பருக்கும் அதையே கழிக்கிறார். இப்போது 60-ஆம் நம்பருக்குக் கிலோவுக்கு 48 ரூபாய் லாபம். 40-க்கு 14 ரூபாய் லாபம். 20-க்கோ 22 ரூபாய் நஷ்டம். அறிக்கையைப் பார்க்கும் முதலாளி 20-ஐ உடனே நிறுத்தச் சொல்வார். அந்த உத்தரவு தவறு. எவ்வளவு தவறு என்பது ரிங் ஃபிரேமைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கதிர் ஒரு ஷிப்டில், அதாவது எட்டு மணி நேரத்தில், எத்தனை கிராம் நூற்கும் என்பதற்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. கதிரின் சுற்று வேகத்தை 7.2-ஆல் பெருக்கி, அதை அங்குலத்துக்கு உள்ள முறுக்கையும் நம்பரையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நூல் மெல்லியதாக ஆக, இரண்டு பக்கத்திலிருந்தும் உற்பத்தி குறைகிறது. நம்பர் இரட்டித்தால் அதே நீள நூலின் எடை பாதியாகிறது. அதோடு, மெல்லிய நூல் அறாமல் நிற்க முறுக்கும் கூட வேண்டும். அது நம்பரின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே வேகம் மாறாவிட்டால், 20-லிருந்து 40-க்குப் போகும்போது கதிரின் உற்பத்தி பாதியாக நிற்காமல் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மெல்லிய நூலுக்குக் கதிரைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றலாம் என்பதால் ஓரளவு மீட்க முடிகிறது.

பாவு நூலுக்கான முறுக்கில், 20-ஆம் நம்பரை 15,000 சுற்றில் ஓட்டினால், நின்ற நேரம் போக ஒரு கதிர் ஷிப்டுக்கு 280 கிராம் தரும். 40-ஐ 18,000 சுற்றில் ஓட்டினால் 120 கிராம். 60-ஐ 19,500 சுற்றில் ஓட்டினால் 70 கிராம்.

இப்போது பங்களிப்பைக் கிலோவுக்குப் பதிலாகக் கதிருக்குப் பார்க்கலாம். ஒரு கதிர் ஒரு ஷிப்டில் 20-ஆம் நம்பரில் 8 ரூபாய் 40 காசு ஈட்டுகிறது. 40-ல் 7 ரூபாய் 92 காசு. 60-ல் 7 ரூபாய்தான். கிலோவுக்கு முதலில் நின்றது கடைசிக்குப் போய்விட்டது. நாளொன்றுக்கு 72,000 கதிர்-ஷிப்ட். முழு ஆலையையும் 20-ல் ஓட்டினால் 6,04,800 ரூபாய் பங்களிப்பு. நிலையான செலவு போக 1,54,800 லாபம். 60-ல் ஓட்டினால் 5,04,000. லாபம் வெறும் 54,000. கிலோவுக்கு 22 ரூபாய் நஷ்டம் என்று அறிக்கை சொன்ன நூல், நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகத் தருகிறது.

கிலோக் கணக்கு ஏன் ஏமாற்றியது? அந்த ஆலையில் கிலோவுக்குத் தட்டுப்பாடு இல்லை. எத்தனை கிலோ வேண்டுமானாலும் பஞ்சு வாங்கலாம், எத்தனை கிலோ நூல் வேண்டுமானாலும் விற்கலாம் என்று வைத்துக்கொண்டோம். கூட்ட முடியாதது கதிர் ஓடும் நேரம் ஒன்றுதான். எது கூட்ட முடியாததோ அதன் ஓர் அலகுக்கு எந்தச் சரக்கு அதிகப் பங்களிப்புத் தருகிறது என்று கேட்பதே சரியான கேள்வி. பாடநூல்களில் அந்த உள்ளீட்டை வரம்புக் காரணி என்பார்கள். கோவை வட்டார மேலாளர்கள் கதிருக்கு எவ்வளவு நிற்கிறது என்று கேட்பதும் இதையேதான்.

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் இது ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே. தட்டுப்பாடு இடம் மாறும்போதுதான் இதன் முழு வீச்சும் தெரிகிறது.

2008-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் உயரழுத்த மின் இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. மாலை உச்ச நேரத்துக்கு அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு. இடையிடையே தளர்ந்தும் இறுகியும் இந்தக் கட்டுப்பாடுகள் 2015-ல்தான் விலக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் ஆலைகளில் கதிர்கள் சும்மா நின்றன. கதிர்-ஷிப்ட் தட்டுப்பாடாக இல்லை, யூனிட்தான் தட்டுப்பாடு.

ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பதை ஆலைக்காரர்கள் யூ.கே.ஜி. என்பார்கள். 1956-ல் கோவையில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கமான சிட்ரா, ஆலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடப் பயன்படுத்தும் அளவுகளில் இதுவும் ஒன்று. நம் ஆலையில் 20-ஆம் நம்பருக்குக் கிலோவுக்கு 2 யூனிட், 40-க்கு 4 யூனிட், 60-க்கு 6.5 யூனிட்.

இதைப் பார்த்ததும், மின்வெட்டுக் காலத்தில் தடித்த நூலுக்குப் போவதே புத்தி என்று தோன்றும். கிலோவுக்கு 2 யூனிட் போதுமே! கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பங்களிப்பை யூனிட்டால் வகுத்தால் 20-ஆம் நம்பர் யூனிட்டுக்கு 15 ரூபாய் தருகிறது. 40 தருவது 16 ரூபாய் 50 காசு. 60 தருவது 15 ரூபாய் 38 காசு. முதலிடம் 40-க்கு.

காரணத்தை ஆலைக்குள் நடந்து பார்த்தால் கண்டுகொள்ளலாம். ஒரு கதிரைச் சுற்ற ஆகும் மின்சாரம் நம்பரைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் புளோரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ் எல்லாம் கிலோவுக்கு வேலை செய்பவை. ஒரு கதிர் 20-ல் ஓடும்போது ஷிப்டுக்கு 280 கிராம் பஞ்சைக் கேட்கிறது. 60-ல் ஓடும்போது 70 கிராம். தடித்த நூலை ஓட்டும் ஒவ்வொரு கதிருக்கும் பின்னால் முன்தயாரிப்பு இயந்திரங்கள் நான்கு மடங்கு உழைக்கின்றன. ஆகவே கிலோவுக்குக் குறைவாக மின்சாரம் தின்னும் 20-ஆம் நம்பர், கதிர்-ஷிப்டுக்குப் பார்த்தால் 0.56 யூனிட் எடுக்கிறது. 40 எடுப்பது 0.48 மட்டுமே.

ஆலைக்கு நாளொன்றுக்கு 36,000 யூனிட் அனுமதி என்றும், 40 சதவீத வெட்டில் அது 21,600-ஆகக் குறைந்தது என்றும் கொள்வோம். 40-ஆம் நம்பரை ஓட்டினால் 45,000 கதிர்-ஷிப்ட் ஓடும். பங்களிப்பு 3,56,400 ரூபாய். 20-ஐ ஓட்டினால் 3,24,000 ரூபாய். இரண்டுமே 4,50,000 ரூபாய் நிலையான செலவைத் தொடவில்லை, நஷ்டம் உறுதி. ஆனாலும் நாளொன்றுக்கு 32,400 ரூபாய் என்பது ஒரு மாதத்தில் ஒன்பது லட்சத்தைத் தாண்டும். அந்த ஆண்டுகளில் வங்கித் தவணையைக் கட்ட முடிந்ததா இல்லையா என்பதற்கு அது போதுமான இடைவெளி.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. மின்சாரம் மட்டுமே தட்டுப்பாடாக இருக்கும் ஆலையில், கூடுதலாக ஒரு யூனிட் கிடைத்தால் 16 ரூபாய் 50 காசு பங்களிப்பு கூடும். அந்தப் பங்களிப்பு, யூனிட்டுக்கு 8 ரூபாய் மின்கட்டணத்தைக் கழித்தபின் வருவது. ஆகவே வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்கு அந்த ஆலை 24 ரூபாய் 50 காசு வரை கொடுக்கலாம். தனியார் காற்றாலையிலிருந்து 11 ரூபாய்க்குக் கிடைத்தால், கட்டணத்தைவிட 3 ரூபாய் அதிகம் என்று தயங்கத் தேவையில்லை. யூனிட்டுக்கு 13 ரூபாய் 50 காசு மிஞ்சும். டீசல் ஜெனரேட்டரை ஓட்டலாமா? லிட்டர் 92 ரூபாய், லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்றால் யூனிட் 26 ரூபாயைத் தாண்டுகிறது. இந்த விலையில் ஜெனரேட்டரை ஓட்டி 40-ஆம் நம்பர் நூற்பது ஒவ்வொரு யூனிட்டிலும் பணத்தைக் கரைப்பது. டீசல் மலிவாக இருந்த ஆண்டுகளில் இதே கணக்கு வேறு விடை தந்திருக்கும். ஜெனரேட்டரை ஓட்டுவது கட்டுப்படியாகுமா என்ற வாதத்தை மின்கட்டணத்தோடு ஒப்பிட்டே நடத்திய பலரை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பிட வேண்டியது கட்டணத்தோடு அல்ல, அந்த யூனிட் ஈட்டித் தரும் தொகையோடு.

இனி மின்வெட்டு விலகி 36,000 யூனிட் முழுவதும் திரும்பிவிட்டது என்போம். முழு ஆலையையும் 40-ல் ஓட்டினால் 34,560 யூனிட்தான் ஆகும். 1,440 யூனிட் மீதம். முழுவதையும் 20-ல் ஓட்ட 40,320 யூனிட் வேண்டும்; அவ்வளவு இல்லை, 64,286 கதிர்-ஷிப்டோடு மின்சாரம் தீர்ந்துவிடும். இப்போது கதிரும் தட்டுப்பாடு, மின்சாரமும் தட்டுப்பாடு. எதால் வகுப்பது? ஒற்றை வகுத்தல் இங்கே விடை தராது.

இந்த வகைப் புதிரை முதலில் முறையாகத் தீர்த்தவர் ஒரு பருத்தி ஆலைக்காரர் அல்ல. லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகை நிறுவனம் ஒன்றின் ஆய்வகம், பல வகை மரங்களைப் பல வகை உரிப்பு இயந்திரங்களுக்கு எப்படிப் பகிர்ந்தால் உற்பத்தி உச்சமாகும் என்ற கேள்வியோடு கணித அறிஞர் லியோனித் கான்டரோவிச்சிடம் வந்தது. 1939-ல் அவர் வெளியிட்ட சிறுநூலில் தீர்வு இருந்தது. ஒவ்வொரு வரம்புக்கும் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண்களை வைத்தே எந்த வேலை எங்கே பொருந்தும் என்று முடிவு செய்துவிடலாம். 1947-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் தனியே கண்ட சிம்ப்ளெக்ஸ் முறையிலும் இதே எண்கள் தலைகாட்டின. பிறகு அவற்றுக்கு நிழல் விலை என்ற பெயர் நிலைத்தது. கான்டரோவிச்சுக்கு 1975-ல், கூப்மன்ஸோடு சேர்த்து, பொருளாதார நோபல் கிடைத்தது.

நம் ஆலையில் அதைக் கையாலேயே செய்துவிடலாம். எல்லாக் கதிரும் 40-ல் ஓடுகின்றன, 1,440 யூனிட் மீதம் இருக்கிறது. ஒரு கதிர்-ஷிப்டை 40-லிருந்து 20-க்கு மாற்றினால் 0.08 யூனிட் கூடுதலாகச் செலவாகும், 48 காசு கூடுதலாக வரும். 1,440-ஐ 0.08-ஆல் வகுத்தால் 18,000. ஆகவே 18,000 கதிர்-ஷிப்ட் 20-லும், மீதி 54,000 கதிர்-ஷிப்ட் 40-லும் ஓட வேண்டும். பங்களிப்பு 5,78,880 ரூபாய். முழுவதும் 40 என்றால் 5,70,240; முழுவதும் 20 என்றால் 5,40,000. கலவை இரண்டையும் மிஞ்சுகிறது.

இந்தக் கலவை சரியானதுதானா என்று சோதிக்க நிழல் விலை உதவும். கூடுதல் யூனிட் ஒன்று இப்போது எவ்வளவு தரும்? 0.08 யூனிட்டுக்கு 48 காசு என்றால் ஒரு யூனிட்டுக்கு 6 ரூபாய். மின்வெட்டுக் காலத்தில் 16 ரூபாய் 50 காசாக இருந்தது 6 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. அப்போது கொடுக்கலாம் என்று சொன்ன 24 ரூபாய் 50 காசுக்கு இப்போது மின்சாரம் வாங்கக் கூடாது. உச்ச வரம்பு 14 ரூபாய். ஒரு கதிர்-ஷிப்டின் நிழல் விலை, 20-ஆம் நம்பரின் 8 ரூபாய் 40 காசிலிருந்து 0.56 யூனிட்டின் மதிப்பான 3 ரூபாய் 36 காசைக் கழித்தால், 5 ரூபாய் 4 காசு. 60-ஆம் நம்பரை இந்த விலைகளில் எடைபோட்டால், ஒரு கதிர்-ஷிப்டுக்கு அது விழுங்கும் கதிரும் மின்சாரமும் சேர்ந்து 7 ரூபாய் 77 காசு. ஈட்டுவது 7 ரூபாய். ஆகவே அதற்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை.

60-ஆம் நம்பருக்கும் ஒரு காலம் உண்டு. 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு கண்டி 356 கிலோ. கிலோ 280 ரூபாய்க்கு மேல். பழைய வங்கி வரம்பை வைத்துக்கொண்டு பழைய அளவு பஞ்சு வாங்க முடியாமல் பல ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அப்போது கதிரும் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது, பஞ்சுதான் தட்டுப்பாடு. அந்த நாட்களின் நூல் விலை தனி, ஆனால் நம் எண்களிலேயே போக்கு தெரியும். கழிவு போக ஒரு கிலோ 20-ஆம் நம்பர் நூலுக்கு 1.15 கிலோ பஞ்சு வேண்டும். கோம்பரில் குட்டை இழைகளை நீக்குவதால் 40-க்கு 1.39 கிலோ, 60-க்கு 1.43 கிலோ. கிலோ பஞ்சுக்குப் பங்களிப்பு முறையே 26, 47, 70 ரூபாய். இங்கே 60 வெகு தூரம் முன்னால் நிற்கிறது. நுணுக்கமாகப் பார்த்தால் உண்மையான தட்டுப்பாடு பஞ்சின் எடை அல்ல, பஞ்சில் முடங்கும் பணமும் அது முடங்கிக் கிடக்கும் நாட்களும்தான். 60-ஆம் நம்பர் வாங்குபவர் பணம் தர இரண்டு மாதம் எடுத்துக்கொண்டால் அதன் முன்னிலை குறையும்.

ஒரே ஆலை, ஒரே விலைப்பட்டியல். கதிர் தட்டுப்பாடானால் 20, மின்சாரம் தட்டுப்பாடானால் 40, பஞ்சு தட்டுப்பாடானால் 60. எந்த நூல் லாபமானது என்ற கேள்விக்கு ஆலையின் நிலையைச் சொல்லாமல் விடையே கிடையாது என்பது என் துணிபு.

தட்டுப்பாடு எது என்பதை மின்வெட்டு போல யாரும் அறிவித்துவிட்டுப் போவதில்லை. அது மறைந்திருக்கும் இடங்களில் முக்கியமானது முன்தயாரிப்புப் பகுதி. 40-ஆம் நம்பருக்காகக் கட்டிய ஆலையில் நாளொன்றுக்கு 8,640 கிலோ நூல். மேலே கண்ட கலவையில் 20-ஆம் நம்பர் 5,040 கிலோ, 40-ஆம் நம்பர் 6,480 கிலோ, மொத்தம் 11,520 கிலோ. கோம்பரில் போகும் கழிவையும் சேர்த்தால் கார்டிங் இயந்திரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 13 டன் ஸ்லைவர் தர வேண்டும். மணிக்கு 50 கிலோ தரும் இயந்திரம் நின்ற நேரம் போக நாளொன்றுக்கு 1,100 கிலோ தரும். 12 இயந்திரங்கள் வேண்டும். ஆலையில் 10 மட்டுமே இருந்தால் காகிதத்தில் போட்ட கலவை ஓடாது. கதிர் தட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்த ஆலையில், 20-ஆம் நம்பரைத் தொட்டதும் கார்டிங் தட்டுப்பாடாகிவிடுகிறது.

இதைக் கண்டறியக் கணினி தேவையில்லை. ரிங் ஃபிரேம் பகுதியின் வாசலில் ரோவிங் பாபின் தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதும். வண்டிகள் நிரம்பி வரிசையாகக் காத்திருந்தால், முன்தயாரிப்பு முந்திக்கொண்டு ஓடுகிறது, தட்டுப்பாடு கதிரில். வண்டிகள் காலியாகி, ஃபிரேமின் மேல் தொங்கும் பாபின்கள் தீர்ந்த இடங்களில் கதிர்கள் வெறுமனே சுற்றினால், தட்டுப்பாடு பின்னால் இருக்கிறது. இரண்டு மூன்று நாள், மூன்று ஷிப்டிலும், குறிப்பாக இரவு ஷிப்டில் பார்க்க வேண்டும். ஆள் குறைந்த இரவு ஷிப்டில் ரோவிங் இருந்தும் கதிர்கள் நின்றால், தட்டுப்பாடு தொழிலாளர் நேரம். இன்றைக்குப் பல ஆலைகளில் நிலைமை அதுதான். அப்போது பங்களிப்பை ஆள்-மணியால் வகுக்க வேண்டும். நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி என்ற கணக்கை ஆலைகள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் முக்கியம். ஃபிரேமில் உள்ள ஹேங்க் மீட்டர் காட்டும் உற்பத்திக்கும், பேக்கிங்கில் எடைபோட்ட கிலோவுக்கும் இடையே எப்போதும் ஒரு வித்தியாசம் இருக்கும். நூல் அறுந்த கதிர் நூற்பதில்லை, ஆனால் ஃபிரேம் ஓடுகிறது, மீட்டர் எண்ணிக்கொண்டே போகிறது. மெல்லிய நூலில் அறுதல் அதிகம் என்பதால் மீட்டரை நம்பினால் 60-ஆம் நம்பரின் கதிர்ப் பங்களிப்பு இருப்பதைவிட அழகாகத் தெரியும். பேக்கிங் எடையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நம்பர் மாற்றுவதற்கும் ஒரு விலை உண்டு. பழைய ரோவிங்கைத் தீர்க்க வேண்டும், கியர், டிராவலர், ஸ்பேசர் மாற்ற வேண்டும், முதல் பாபின்களை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். 1,200 கதிர் கொண்ட ஒரு ஃபிரேம் இதற்காக ஒரு ஷிப்ட் நின்றால் 40-ஆம் நம்பரில் இழக்கும் பங்களிப்பு 9,504 ரூபாய். 20-க்கு மாறியதால் கிடைப்பது கதிருக்கு 48 காசு வீதம் ஷிப்டுக்கு 576 ரூபாய். இழந்ததை மீட்கப் பதினாறரை ஷிப்ட், அதாவது ஐந்தரை நாள் ஆகும். ஒரு வாரம்கூட நிலைக்காத விலை ஏற்றத்துக்காக நம்பரை மாற்றும் ஆலை, ஃபிரேமை நிறுத்தி நிறுத்தியே லாபத்தைத் தொலைக்கும். பஞ்சும் கைகட்டும்: 20-ஆம் நம்பருக்கு வாங்கிய குட்டை இழைப் பஞ்சில் 60-ஆம் நம்பர் நூற்க முடியாது.

சந்தையும் கணக்குக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை. 20-ஆம் நம்பரில் கதிருக்கு நன்றாக நிற்கிறது என்று எல்லா ஆலைகளும் ஒரே மாதத்தில் அதற்குப் போனால், கிலோவுக்கு 2 ரூபாய் விலை இறங்கினாலே போதும். கதிருக்கு 8 ரூபாய் 40 காசு என்பது 7 ரூபாய் 84 காசாகி, 40-க்குக் கீழே போய்விடும். தடித்த நூலில் கிலோக்கள் அதிகம் என்பதால் சிறு விலைச் சரிவும் கதிரில் பெரிதாகத் தெரியும். 60-ஆம் நம்பரில் அதே 2 ரூபாய் இறங்கினால் கதிருக்குக் குறைவது 14 காசுதான். கலவையை முடிவு செய்யும்போது இந்த வித்தியாசத்துக்கு நான் மிகுந்த மதிப்பு கொடுப்பேன். நீண்டகால ஒப்பந்தம் உள்ள நம்பரைக் கதிருக்கு 20 காசு குறைவு என்பதற்காகக் கைவிடுவது பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

புதிதாக வரும் விசாரணைக்கு விலை சொல்லவும் இந்த நிழல் விலைகளே பயன்படும். ஒரு வியாபாரி 30-ஆம் நம்பர் கோம்ப்டு நூல் கேட்கிறார் என்போம். அவர் சொல்லும் விலையில் கிலோவுக்கு 48 ரூபாய் பங்களிப்பு நிற்கிறது. ஆலை இதுவரை அந்த நம்பரை ஓட்டியதில்லை. கணக்குத்தாளில் அதற்கு வரியே இல்லை. 30-ஆம் நம்பரில் கதிருக்கு ஷிப்டுக்கு 175 கிராம் வரும், கிலோவுக்கு 3 யூனிட் ஆகும். ஒரு கிலோவுக்கு 5.71 கதிர்-ஷிப்ட், தலா 5 ரூபாய் 4 காசு என்றால் 28 ரூபாய் 80 காசு. 3 யூனிட், தலா 6 ரூபாய் என்றால் 18 ரூபாய். மொத்தம் 46 ரூபாய் 80 காசு. அதாவது இந்த ஒரு கிலோவுக்காக 20-லும் 40-லும் நாம் விட்டுக்கொடுப்பது அவ்வளவு. 48 ரூபாய் வருகிறது. நம்பர் மாற்றும் செலவை ஈடுகட்டும் அளவுக்கு ஆர்டர் பெரிதாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மின்வெட்டு இருந்த மாதத்தில் இதே வியாபாரி இதே விலையோடு வந்திருந்தால், 3 யூனிட்டின் மதிப்பு மட்டுமே 49 ரூபாய் 50 காசு. அன்று அவரிடம் கிலோவுக்கு இன்னும் ஒன்றரை ரூபாயாவது கூட்டிக் கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் 40-ஆம் நம்பரையே தொடர்ந்து ஓட்டியிருக்க வேண்டும்.